தீர்ந்துபோன சொட்டு மருந்து

குழந்தைகளுக்கான காய்ச்சல் சொட்டு மருந்து 15 மில்லி பாட்டிலில் வரும். 8 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு ஒரு மில்லியோ, கொஞ்சம் கூடவோ போதும். ஒரு நாளைக்கு நாலு வேளை கொடுத்தாலும் மூன்று நாளைக்கு மேல் வரும். அந்தப் பாட்டில் ஒரே ராத்திரியில் தீராது.

2003-ஆம் வருஷம் ஒரு நாள் காலை ஒன்பது மணி. ஷட்டரைத் தூக்கி, சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கிராமத்துக்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார்.

"அண்ணே, நேத்து குடுத்த காய்ச்சல் சொட்டு மருந்து இன்னொன்னு குடுங்க."

"யாருக்குங்க?"

"அதே பாப்பாவுக்குத்தாண்ணே. ஒம்பது மாசம்."

"நேத்து சாயங்காலம்தானே வாங்கிட்டுப் போனீங்க? கொட்டிருச்சா?"

"கொட்டலண்ணே. தீந்துருச்சு. மூணு வேளை குடுத்தோம். நல்லா கேட்டுச்சு, காய்ச்சல் அப்படியே எறங்கிருச்சு. திரும்ப வந்தா கைவசம் இருக்கட்டும்னு அப்பாயி வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

ஊதுபத்தியை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை ஞாபகமில்லை. மூன்று வேளையில் 15 மில்லி என்றால் வேளைக்கு 5 மில்லி. அந்தச் சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் பாராசிட்டமால் இருக்கிறது. ஒரு வேளைக்கு 500 மில்லிகிராம். வளர்ந்த ஆள் போட்டுக்கொள்ளும் ஒரு முழு மாத்திரை. அதை 8 கிலோ குழந்தைக்குப் பன்னிரண்டு மணி நேரத்தில் மூன்று தடவை கொடுத்திருக்கிறார்கள்.

குழந்தையைக் கூட்டிவரச் சொல்லி, எதிரே இருந்த குழந்தை டாக்டரிடம் நானே ஓடிப்போய்ச் சொன்னேன். குழந்தை சிரித்துக்கொண்டு வந்தது. ஒரு தடவை பால் கக்கியதாம், வேறு ஒன்றுமில்லை. டாக்டர் அதைப் பார்த்து ஏமாறவில்லை. பாராசிட்டமால் அளவு மீறினால் முதல் நாள் பெரும்பாலும் வெளியே ஒன்றும் தெரியாது. வாந்தி வரலாம், சோர்வு வரலாம். ஈரல் கெடுவது இரண்டாம் நாள், மூன்றாம் நாள்தான் தெரியவரும். கண் மஞ்சளாகும் வரை காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும். அன்றைக்கே தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்தைக் கொடுத்தார்கள். ரத்தப் பரிசோதனையில் ஈரல் கணக்கு கொஞ்சம் ஏறி, பிறகு இறங்கியது. குழந்தை பிழைத்தது.

தவறு எங்கே நடந்தது என்று பிறகு நிதானமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு மாதத்துக்கு முன்னால் வேறு ஊர் டாக்டர் ஒருவர் அதே குழந்தைக்குக் காய்ச்சல் சிரப் எழுதி, "5 மில்லி குடுங்க" என்று சொல்லியிருக்கிறார். அந்தச் சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம். குழந்தையின் எடைக்கு அது கிட்டத்தட்டச் சரியான அளவு. வீட்டுப் பெரியவர் அதை நன்றாக ஞாபகம் வைத்திருந்தார்: பாப்பாவுக்குக் காய்ச்சல் மருந்து அஞ்சு மில்லி. அடுத்த தடவை காய்ச்சல் வந்தபோது சீட்டு இல்லாமல் என் கடைக்கு வந்து "ஒரு வயசுக்கு உள்ள குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து" என்று கேட்டார்கள். என் கடைப் பையன் சின்னக் குழந்தைதானே என்று சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்தான். வீட்டில் பழைய பாட்டிலின் மூடி இருந்தது. அதில் 5 மில்லிக் கோடு வரை ஊற்றிப் புகட்டினார்கள்.

டாக்டர் சொன்னது சரி, அப்பாயி ஞாபகம் வைத்தது சரி, மருந்தும் நல்ல மருந்து. ஆனால் பாட்டில் மாறியபோது அளவும் மாறும் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியது என் கடை. டி.பார்ம் படித்துவிட்டு 1989-லிருந்து மருந்துக்கடையில் நிற்கிறேன். அந்தக் காலையிலிருந்துதான் எடைக்கு ஏற்ற மருந்து அளவைத் தமிழில் எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

முதலில் இடறியது ஒரு சொல்லில். மில்லி.

நம் வீடுகளில் மில்லி என்றால் என்ன? பால் பாக்கெட்டில் 500 மில்லி, அது அளவு. நகைக்கடையில் "நாலு கிராம் இருநூறு மில்லி" என்கிறார்கள், அது எடை. மாத்திரைக்கு வந்தால் "ஐந்நூறு மில்லி மாத்திரை" என்கிறோம், அதுவும் எடைதான். சிரப்புக்கு "அஞ்சு மில்லி" என்கிறோம், அது மறுபடியும் அளவு. எம்.ஜி., எம்.எல். இரண்டையும் தமிழில் பேசும்போது வாலை வெட்டிவிட்டு மில்லி என்று ஒரே சொல்லாக்கிவிட்டோம். டாக்டர், நர்ஸ், மருந்துக்கடைக்காரன் எல்லாரும் அப்படித்தான் பேசுகிறோம். ஒரு தாய் கையில் சிரப் பாட்டிலோடு வந்து, "இதுல 250 மில்லின்னு போட்டிருக்கு, பாட்டிலே இத்தினூண்டுதானே இருக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்தம்மாவுக்கு மருந்தின் எடை வேறு, தண்ணியின் அளவு வேறு என்று அதுவரை யாரும் பிரித்துச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து என் கடையில் மில்லி என்ற சொல்லைத் தனியாகச் சொல்வதில்லை என்று வைத்தேன். மருந்தின் எடையைச் சொல்லும்போது மில்லிகிராம் என்று முழுசாகச் சொல்வேன். ஊற்ற வேண்டிய அளவைச் சொல்லும்போது "சிரிஞ்சியில மூணுன்னு போட்ட கோடு" என்று காட்டுவேன். பையன்களையும் அப்படியே பழக்கினேன். ஒருவன் மறந்து மில்லி என்று சொன்னால் வாங்க வந்தவர் முன்னாலேயே, "எந்த மில்லி?" என்று கேட்பேன். அவனுக்குச் சங்கடமாக இருந்திருக்கும், ஆனால் பழகிவிட்டான்.

அடுத்தது கிலோவுக்கு இத்தனை என்ற கணக்கு. இதைப் புரியவைக்கத்தான் கஷ்டப்பட வேண்டும் என்று நினைத்திருந்தேன். அதை எனக்கு எளிதாக்கியவர் ஒரு விவசாயி. அவர் மகனுக்கு ரெண்டு வயது, எடை 9 கிலோ. அண்ணன் மகனுக்கும் அதே ரெண்டு வயது, அவன் 14 கிலோ. ஒரே வீட்டில் இரண்டு பேருக்கும் காய்ச்சல். "ரெண்டு பேருக்கும் ஒரே வயசுதானே, ஏன் டாக்டர் வேற வேற அளவு எழுதியிருக்காரு?" என்று சீட்டுகளை மேசைமேல் போட்டுக் கேட்டார். நான் ஈரல், ரத்தம் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். அவர் முகம் தெளியவில்லை. அப்புறம் கேட்டேன்.

"உங்களுக்கு எத்தனை ஏக்கர்?"

"ரெண்டரை."

"யூரியா எப்படிப் போடுவீங்க? நெல்லோட வயசைப் பாத்தா, நிலத்தோட அளவைப் பாத்தா?"

"நிலத்தைப் பாத்துத்தான். ஏக்கருக்கு இவ்வளவுன்னு கணக்கு." சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் சும்மா இருந்தார். "அப்ப கிலோங்கறது இங்க ஏக்கரா?"

ஆமாம், கிலோதான் ஏக்கர். எங்கள் ஊர்ப்பக்கம் இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. அவரே அதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார். பூச்சி மருந்தில் ஒரே மருந்து வெவ்வேறு சதவீதத்தில் வருமே, டப்பாவைப் பார்க்காமல் டேங்கில் ஊற்றினால் பயிர் கருகிவிடுமே, இதுவும் அப்படியா என்றார். அதுவும் அப்படித்தான். சொட்டு மருந்தின் அளவைச் சொல்லாமல் கொடுத்த என் கடைப் பையனுக்கு அன்றைக்கு இவர் பாடம் எடுத்திருக்கலாம்.

நிலம் இல்லாதவர்களுக்கு, முக்கியமாகப் பாட்டிகளுக்கு, டிகாக்ஷன் கைகொடுத்தது. சொட்டு மருந்து கெட்டி டிகாக்ஷன். சிரப் அதையே பால் ஊற்றிக் கலந்த காப்பி. டம்ளர் நிறைய காப்பி குடிப்பவர் டம்ளர் நிறைய டிகாக்ஷனைக் குடிப்பாரா? இதைக் கேட்டதும் பாட்டிகள் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். எங்கள் பக்கத்தில் மருந்தின் செறிவுக்கு மக்கள் வைத்திருக்கும் சொல் "பவர்". செறிவு என்று சொன்னால் யாருக்கும் தெரியாது. "இந்தப் பாட்டில் பவர் என்ன?" என்று கேட்கத் தெரிந்தால் பாதி ஆபத்து போய்விடும்.

பாராசிட்டமால் நம் ஊரில் பெரும்பாலும் மூன்று பவரில் கிடைக்கிறது. 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் சிரப், சில கம்பெனிகளில் 120. 5 மில்லிக்கு 250 மில்லிகிராம் சிரப். ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் சொட்டு மருந்து. மூன்றையும் ஒரு மில்லிக்கு என்று மாற்றிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்: 25, 50, 100. பார்வைக்குப் பலவும் ஒரே மாதிரிச் சிவப்பு, ஒரே மாதிரி இனிப்பு. அட்டையில் பவரை ஒரு விரல் நகத்துக்குள் அடங்கும் எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில், அச்சடித்திருப்பார்கள். அமெரிக்காவில் இதே குழப்பத்தால் 2011-இல் கம்பெனிகள் கைக்குழந்தைகளுக்கான கெட்டிச் சொட்டு மருந்தைக் கைவிட்டு, குழந்தைகளின் பாராசிட்டமால் திரவத்தை ஒரே பவருக்குக் கொண்டுவந்தன. இங்கே இன்னும் மூன்றும் ஒரே தட்டில்தான் இருக்கின்றன. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு என் கடையில் சொட்டு மருந்தைச் சிரப் தட்டிலிருந்து எடுத்துத் தனியாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தேன். என்னைக் கேட்காமல் யாரும் எடுக்கக்கூடாது.

ஒரு குழந்தைக்கு நான் எப்படிக் கணக்குப் போட்டுக் காட்டுவேன் என்று சொல்கிறேன். டாக்டர் எழுதிய அளவை மாற்றும் உரிமை எனக்கு இல்லை. அதைச் சரிபார்க்கும் கடமை உண்டு, சந்தேகம் வந்தால் போன் செய்து கேட்பேன்.

ஒரு பெண் குழந்தை, ஒன்றரை வயது, எடை 11 கிலோ. சீட்டில் 5 மில்லிக்கு 250 பவர் உள்ள சிரப். பாராசிட்டமாலுக்கு ஒரு வேளைக் கணக்கு கிலோவுக்கு 10-லிருந்து 15 மில்லிகிராம் வரை. ஒரு சின்ன அட்டையை எடுத்துத் தாயின் முன்னால் எழுதுவேன். பதினொரு கிலோவுக்கு, கிலோவுக்குப் பத்து என்றால் 110 மில்லிகிராம். பதினைந்து என்றால் 165. இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே நின்றாலும் சரி. பாட்டிலில் ஒரு மில்லிக்கு 50 மில்லிகிராம். மூன்று மில்லி எடுத்தால் 150. நடுவில் அழகாக உட்கார்ந்துவிட்டது. அப்படியென்றால் மூன்று என்று போட்ட கோடு. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, தேவைப்பட்டால் மட்டும், ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் கூடாது. நாலு தடவையும் கொடுத்தால் 600 மில்லிகிராம். ஒரு நாளுக்குக் கிலோவுக்கு 60-ஐத் தாண்டக்கூடாது என்பது நான் வைத்திருக்கும் எல்லை. பதினொரு கிலோவுக்கு அது 660. உள்ளேதான் இருக்கிறோம்.

இதே குழந்தைக்கு 125 பவர் சிரப் என்றால் ஆறு மில்லி. சொட்டு மருந்து என்றால் ஒன்றரை மில்லி. மூன்றிலும் குழந்தையின் வயிற்றுக்குள் போவது அதே 150 மில்லிகிராம்தான். இந்த மூன்றையும் ஒரே அட்டையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டும்போதுதான், "அட, தண்ணிதான் மாறுது, மருந்து மாறல" என்று பெற்றோர் வாயிலிருந்து வரும். அது வந்த பிறகுதான் மருந்தைக் கையில் கொடுப்பேன்.

பத்துக்கும் பதினைந்துக்கும் நடுவே இடம் இருப்பதால் எடையில் கொஞ்சம் முன்னே பின்னே ஆனால் பயப்பட வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுவேன். சட்டையோடு நிறுத்துவிட்டோமே, அரைக் கிலோ கூடக் காட்டியிருக்குமே என்று சில தாய்மார்கள் தவிப்பார்கள். பத்துக் கிலோ குழந்தைக்கு அரைக் கிலோவால் மருந்து ஐந்து சதவீதம்தான் மாறும். பாட்டிலின் பவரைத் தவறவிட்டால் நாலு மடங்கு மாறும். இத்தனை வருஷத்தில் காய்ச்சல் மருந்தில் எடைத் தவறால் ஒரு குழந்தைக்கும் கெடுதல் வந்து நான் பார்க்கவில்லை. பார்த்த தவறுகள் எல்லாம் பவரில், கரண்டியில், ஒரே மருந்தை இரண்டு பெயரில் கொடுத்ததில் வந்தவை.

ஆனாலும் எடையை ஊகிக்கக்கூடாது. வயதை வைத்து எடை சொல்லும் சூத்திரங்கள் உண்டு. ரெண்டு வயது என்றால் 12 கிலோ இருக்கும் என்று அவை சொல்லும். எங்கள் பக்கத்து ரெண்டு வயதுப் பிள்ளைகளில் 9 கிலோ இருப்பவர்கள் எத்தனையோ பேர். கடையில் ஒரு எடை மெஷின் வாங்கிப் போட்டேன். தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறுவார், பிறகு தனியாக ஏறுவார், கழித்துக்கொள்வோம். ஒரு வயது தாண்டிய குழந்தைகளுக்கு இது போதும். மூன்று நாலு கிலோ இருக்கும் கைக்குழந்தைக்கு இந்த மெஷினை நம்பக்கூடாது, அரைக் கிலோ தவறினால் அங்கே அது பெரிய பங்கு. அந்த வயசுக்கு அங்கன்வாடியிலோ ஆஸ்பத்திரியிலோ குழந்தைக்கான தராசு இருக்கிறது. மூன்று மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எடை, கணக்கு எதுவும் பேசாமல் டாக்டரிடம் அனுப்பிவிடுவேன். அந்த வயதில் காய்ச்சல் வந்தாலே அன்றைக்கே டாக்டர் பார்த்தாக வேண்டும்.

ஏக்கர் கணக்குக்கு மேல்பக்கமும் ஒரு எல்லை உண்டு. பன்னிரண்டு வயதுப் பையன் 60 கிலோ இருக்கிறான் என்று 15-ஆல் பெருக்கினால் 900 மில்லிகிராம் வரும். குண்டான பிள்ளையின் கொழுப்பு எடைக்குத் தகுந்தபடி ஈரல் வளர்வதில்லை. அப்படிப்பட்டவர்களுக்குப் பெரியவர்களின் ஒரு மாத்திரை, அதாவது 500, போதும் என்றுதான் டாக்டர்கள் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். குழந்தைக்குக் கணக்குப் போட்டு வரும் அளவு பெரியவர் அளவைத் தாண்டக்கூடாது.

இனி கரண்டி. நான் கடைக்கு வந்த புதிதில் சீட்டில் "ஒரு ஸ்பூன்", "அரை ஸ்பூன்" என்றுதான் எழுதுவார்கள். பாட்டிகளோ பாலாடையில் ஊற்றிப் புகட்டுவார்கள். பாலாடையில் கோடு கிடையாது. ஒரு வாரம் கடைக்கு வந்தவர்களிடம் வீட்டுக் கரண்டியைக் கொண்டுவரச் சொல்லி, சிரிஞ்சியால் தண்ணீர் விட்டு அளந்து பார்த்தேன். டீ ஸ்பூன் என்று கொண்டுவந்ததில் ஒன்று 3 மில்லிதான் பிடித்தது, இன்னொன்று 8 மில்லி. பாட்டிலோடு வரும் பிளாஸ்டிக் மூடி பரவாயில்லை. ஆனால் அதில் 2.5, 5 என்றுதான் கோடு இருக்கும். மூன்று மில்லிக்கு அதில் கோடு இல்லை.

அதனால் ஊசியைக் கழற்றிய 5 மில்லி சிரிஞ்சியைச் சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தேன். முதலில் எதிர்ப்பு இருந்தது. "ஊசி போடுறதை வாயில வைக்கச் சொல்றீங்களே" என்று ஒரு ஆயா கோபமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். ஊசியை அவர்கள் முன்னாலேயே கழற்றி வீசி, சும்மா குழாய்தான் என்று காட்டினால் சமாதானமாவார்கள். சிரிஞ்சியின் நுனியில் சின்ன மூடி இருந்தால் அதையும் நானே எடுத்து எறிந்துவிடுவேன், குழந்தை தொண்டையில் போய் அடைத்துக்கொள்ளும். பிறகு வெள்ளை பிளாஸ்டரில் மெல்லிய துண்டு கிழித்து, எடுக்க வேண்டிய கோட்டில் ஒட்டுவேன். படிக்கத் தெரியாத அப்பாயிக்கும் அந்த வெள்ளைக் கோடு தெரியும். மருந்தைக் கன்னத்தின் உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும், நேராகத் தொண்டையில் பீய்ச்சக்கூடாது என்று சொல்வேன்.

எல்லாம் சொல்லி முடித்த பிறகு, "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்பதை நிறுத்தி இருபது வருஷம் ஆகிறது. புரிஞ்சுதா என்று கேட்டால் எல்லாரும் புரிஞ்சுது என்றுதான் சொல்வார்கள். ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்திருக்கிறேன். "எவ்வளவு குடுப்பீங்கன்னு எடுத்துக் காட்டுங்கம்மா" என்பேன். மேசைக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கும்போதுதான் தெரியும். ஒருவர் பிஸ்டனின் ரப்பர் மேல் விளிம்பைப் பார்க்காமல் கீழ் விளிம்பை வைத்து அளப்பார். ஒருவர் பாதிக் காற்றோடு இழுப்பார். ஒருவர் 1.5 என்று எழுதியதைப் பதினைந்து என்று படித்துவிட்டு, இந்தக் குழாய் பத்தாதே, மூணு தடவை இழுக்கணுமா என்று கேட்டார். அதன் பிறகு நான் புள்ளி வைத்து எழுதுவதே இல்லை. ஒன்றரை என்று எழுத்தால் எழுதுகிறேன்.

காலம் மாற மாற ஆபத்தும் உருவம் மாறியது. தொண்ணூறுகளில், இரண்டாயிரத்தின் தொடக்கத்தில், காய்ச்சல் சட்டென்று இறங்குகிறது என்று நிமிசுலைடு சிரப்பைப் பெற்றோரே பெயர் சொல்லிக் கேட்டு வாங்கினார்கள். ஈரலுக்குக் கெடுதல் என்ற கவலையால் 2011-இல் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அதை அரசு தடை செய்தது. கொரோனாவுக்குப் பிறகு வீட்டுக்கு வீடு 650 மாத்திரை அட்டை இருக்கிறது. ராத்திரியில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அதைக் கையால் உடைத்துப் பாதியைத் தேனில் குழைத்துக் கொடுக்கிறார்கள். 650-இல் பாதி 325. பத்துக் கிலோ குழந்தைக்கு அது கிலோவுக்கு 32 மில்லிகிராமுக்கு மேல், வேண்டியதைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். தேன் என்றதும் இன்னொன்று, ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனே கூடாது.

இன்னொரு ஆபத்து சளி மருந்துக்குள் ஒளிந்திருக்கிறது. பல சளிச் சிரப்புகளில் பாராசிட்டமாலும் கலந்திருக்கும். காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என்று இரண்டு பாட்டில் கொடுக்கும் தாய்க்கு, ஒரே மருந்தை இரண்டு தடவை கொடுப்பது தெரியாது. பாட்டிலின் பெயர் வேறு, நிறம் வேறு. அப்படி இரண்டு பாட்டிலோடு யாராவது வந்தால் இரண்டையும் திருப்பி, பின்பக்கத்தில் பாராசிட்டமால் என்ற சொல்லைப் பேனாவால் சுழித்துக் காட்டுகிறேன். இரண்டிலும் சுழி விழுந்தால் டாக்டருக்குப் போன்.

எடை கூடும்போது அளவும் கூட வேண்டும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது வலிப்பு மருந்து. ஒரு தாய் மாதாமாதம் மகனுக்கு வால்புரோயேட் சிரப் வாங்குவார். ஐந்து மில்லிக்கு 200 மில்லிகிராம் பவர். சீட்டு நைந்துபோகக் கூடாதென்று லேமினேட் செய்து வைத்திருந்தார். காலை இரண்டரை மில்லி, ராத்திரி இரண்டரை மில்லி. நாலு வருஷம் கழித்து, "இந்த மருந்து இப்பல்லாம் கேக்க மாட்டேங்குதுண்ணே, ரெண்டு தடவை வெட்டு வந்துருச்சு, கம்பெனியில பவரைக் குறைச்சுட்டாங்களா?" என்று அழுதார். சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் எடை 9 கிலோ என்று எழுதியிருந்தது. பையனை மெஷினில் ஏற்றினேன். 15 கிலோ.

நாளுக்கு 200 மில்லிகிராம் என்பது ஒன்பது கிலோவுக்குக் கிலோவுக்கு 22. பதினைந்து கிலோவுக்கு அது 13-தான். பவர் குறையவில்லை, பையன் வளர்ந்துவிட்டான். மருந்து நிலத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் நனைத்துக்கொண்டிருந்தது. அந்தத் தாய் டாக்டரைப் போய்ப் பார்த்தார், அவர் அளவைப் படிப்படியாகக் கூட்டினார், வெட்டு நின்றது. நாலு வருஷமாக அந்தச் சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுத்தவன் நான். ஓரத்தில் இருந்த எடையை ஒரு தடவைகூடப் படிக்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. இப்போது தொடர்ந்து மருந்து வாங்கும் பிள்ளைகளின் பெயரை ஒரு நோட்டில் எழுதி, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எடை போட்டு, டாக்டரிடம் எடுத்துப்போகச் சொல்லிச் சீட்டு கொடுக்கிறேன்.

போன மாதம் ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. காய்ச்சல் மருந்துப் பாட்டிலின் பின்பக்கம், பவர் தெரியும்படி எடுத்திருந்தது. கீழே, "பையன் 12 கிலோ. போன தடவை வேற பாட்டில். இதுக்கு எத்தனாவது கோடுண்ணே?" என்று கேட்டிருந்தார் ஒரு இளம் தாய். அவரை நான் முன்பே பார்த்திருக்கிறேன், பக்கத்துக் கிராமத்துப் பெண். கேட்க வேண்டியதை எல்லாம் அவரே கேட்டுவிட்டார்.

டாக்டர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சீட்டில் "சிரப் 5 மில்லி" என்று மட்டும் எழுதாதீர்கள். குழந்தையின் எடை, எத்தனை மில்லிகிராம், எந்தப் பவர் பாட்டில், எத்தனை மில்லி, இந்த நான்கையும் எழுதுங்கள். ஒன்று தவறினாலும் மற்றதை வைத்து எங்களால் பிடித்துவிட முடியும். பெற்றோர்களே, வீட்டில் இருக்கும் காய்ச்சல் மருந்தை இன்றைக்கே எடுத்து, அட்டைமேல் குழந்தையின் எடையையும் எடை போட்ட தேதியையும் எந்த எண் போட்ட கோடு என்பதையும் எழுதி வையுங்கள். தெரியாவிட்டால் பாட்டிலோடு உங்கள் மருந்துக்கடைக்குப் போய்க் கேளுங்கள். பாட்டில் மாறினால் பழைய கோட்டை அடித்துவிட்டு மறுபடி கேளுங்கள்.